தண்ணீர், சூரியன், குத்துவிளக்கு: திரித்துவத்துக்குச் சொல்லும் உவமைகள் எங்கே உடைகின்றன?

பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்து வருவது திரித்துவ ஞாயிறு. திருச்சபை நாள்காட்டியைப் பின்பற்றும் சபைகளில் அன்று சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குத் திரித்துவப் பாடம் நடக்கும். பெரும்பாலும் பாடம் ஓர் உவமையில் தொடங்கி அதே உவமையில் முடிந்துவிடும். பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்று மூன்றைக் காட்டி, "இப்படித்தான் தேவனும் மூன்றில் ஒன்றாக இருக்கிறார்" என்று சொல்லி முடிப்பார்கள். பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கேள்வி கேட்டால் அந்தப் பாடம் நிற்பதில்லை.

இந்த உவமைகள் எதைச் சரியாகக் காட்டுகின்றன, எந்த இடத்தில் தவறான போதனைக்குள் இழுத்துப் போகின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை. உவமையே சொல்லக் கூடாது என்பது என் கருத்தல்ல. எங்கே உடைகிறது என்று கூடவே சொல்லிக் கொடுக்காத உவமை, சொல்லாமல் விட்டதைவிட அதிகத் தீங்கு செய்யும்.

## டர்பனில் இந்தக் கேள்வி ஏன் மூன்று பக்கமிருந்தும் வருகிறது

தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் டர்பனை அடைந்த அந்தக் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இங்கே தமிழ்க் கிறிஸ்தவர் தனியாக வாழ்ந்ததில்லை. சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே குடும்பத்திலேயே, சைவரும் கிறிஸ்தவரும் இருப்பார்கள். இரண்டு தெரு தள்ளி மசூதி இருக்கும். ஆகவே கேள்வி மூன்று விதமாக வரும்.

சைவக் குடும்பத்துச் சித்தப்பா, "எங்கள் மும்மூர்த்திதானே உங்கள் திரித்துவம்?" என்பார். அன்போடு, ஒட்டுறவு தேடித்தான் அப்படிக் கேட்பார். முஸ்லிம் நண்பர், "ஒன்றும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் மூன்றுதானே, ஒன்று எப்படி ஆகும்?" என்பார். டர்பனில் 1957-ல் இஸ்லாமியப் பிரச்சார மையத்தைத் தொடங்கிய அகமது தீதாத்தின் சிறுநூல்களையும் விவாதங்களையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. இங்கே இந்தக் கேள்வி எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது கேள்வி கிறிஸ்தவர்களிடமிருந்தே வரும். "திரித்துவம் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? தேவன் ஒருவரே, அவருடைய நாமம் இயேசு" என்று சொல்லி, இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் இங்கே உண்டு. 1951-ல் டர்பன் கிரேவில் குதிரைப் பந்தய மைதானத்தில் பெருங்கூட்டங்கள் நடத்திய அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் பிரன்ஹாம் பிற்பாடு திரித்துவத்தை வெளிப்படையாக மறுத்தார். அவருடைய செய்தியைப் பின்பற்றுகிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த மூவருக்கும் சண்டே ஸ்கூல் பனிக்கட்டியைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது.

## முதலில் ஏழு வாக்கியங்கள்

உவமைக்குப் போகும் முன், எதை விளக்கப் போகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். சபை உண்மையில் சொல்வதை அகஸ்தீன் பாணியில் ஏழு சின்ன வாக்கியங்களாகப் பிரிக்கலாம்.

1. பிதா தேவன்.
2. குமாரன் தேவன்.
3. பரிசுத்த ஆவி தேவன்.
4. பிதா குமாரன் அல்ல.
5. குமாரன் பரிசுத்த ஆவி அல்ல.
6. பரிசுத்த ஆவி பிதா அல்ல.
7. தேவன் ஒருவரே.

திரித்துவப் போதனையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். முதல் மூன்றும் ஒவ்வொருவருடைய முழுமையைச் சொல்கின்றன: பிதா மூன்றில் ஒரு பங்கு தேவன் அல்ல, முழு தேவன், மற்ற இருவரும் அப்படியே. அடுத்த மூன்றும் வேறுபாட்டைச் சொல்கின்றன. கடைசி வாக்கியம் ஒருமையைச் சொல்கிறது.

திருச்சபை வரலாற்றில் வந்த பெரிய தவறுகள் எல்லாமே இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றை அடித்துவிட்டு மீதியை எளிதாக்கிக் கொண்டவைதான். 3-ஆம் நூற்றாண்டின் சபேலியுஸ் பெயரால் அறியப்படும் போதனை 4, 5, 6-ஐ அடித்தது: ஒரே ஆள்தான், மூன்று விதமாகத் தோன்றுகிறார். அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் 2-ஐ அடித்தார்: குமாரன் மிக உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது. இதற்குப் பதில் சொல்லத்தான் 325-ல் நிசேயாவில் சங்கம் கூடியது. அதன் 1700-ஆம் ஆண்டை 2025-ல் உலகெங்கும் சபைகள் நினைவுகூர்ந்தன. மூன்றாவது தவறு 7-ஐ அடிப்பது: மூன்று தேவர்கள் நெருங்கிய ஒற்றுமையில் இருக்கிறார்கள் என்பது.

இனி எந்த உவமையைக் கேட்டாலும் ஒன்றைச் செய்து பாருங்கள். தேவன், பிதா, குமாரன், ஆவி என்ற பெயர்களின் இடத்தில் உவமையின் பொருட்களைப் போட்டு ஏழு வாக்கியத்தையும் வாசியுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கேதான் உவமை உடைகிறது.

## தண்ணீர்: எல்லாரும் சொல்வது, எளிதில் பிடிபடாதது

தண்ணீர் உவமையை இந்தச் சோதனையில் வைத்துப் பார்ப்போம். பனிக்கட்டி நீர். தண்ணீர் நீர். நீராவி நீர். பனிக்கட்டி தண்ணீர் அல்ல. தண்ணீர் நீராவி அல்ல. நீராவி பனிக்கட்டி அல்ல. நீர் ஒன்றே.

ஏழும் தேறிவிட்டது போலத் தெரிகிறது. இந்த உவமை இவ்வளவு காலம் ஓடுவதற்கு அதுவே காரணம். ஆனால் "நீர் ஒன்றே" என்ற கடைசி வாக்கியத்தில் நின்று யோசியுங்கள். எந்த அர்த்தத்தில் ஒன்று?

ஒரு குவளையில் இருக்கும் அதே நீரைக் குளிர்வித்தால் பனிக்கட்டி, உருக்கினால் தண்ணீர், கொதிக்க வைத்தால் ஆவி. அதே நீர் என்ற பொருளில் இது ஒன்றுதான். ஆனால் அது பனிக்கட்டியாக இருக்கும்போது ஆவியாக இல்லை. ஒரு நிலையை விட்டுத்தான் அடுத்த நிலைக்குப் போகிறது. இதை தேவனுக்குப் பொருத்தினால், பழைய ஏற்பாட்டில் பிதாவாக இருந்தவர், பெத்லகேமில் குமாரனாக மாறி, பெந்தெகொஸ்தே நாளில் ஆவியாக மாறினார் என்று வரும். இது அப்படியே சபேலியுஸின் போதனை. யோர்தானில் இயேசு தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிறது. குவளை நீரால் இந்தக் காட்சியைக் காட்ட முடியாது.

கொஞ்சம் விஞ்ஞானம் படித்த ஆசிரியர் இதற்கு ஒரு மறுபதில் வைத்திருப்பார். நீருக்கு மும்மைப் புள்ளி என்று ஒன்று உண்டு. வெப்பம் 0.01 டிகிரி செல்சியஸ், அழுத்தம் சுமார் 611 பாஸ்கல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 166-ல் ஒரு பங்கு. காற்றை நீக்கி மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் இந்த நிலையை உண்டாக்கினால் பனிக்கட்டியும் தண்ணீரும் ஆவியும் பக்கத்தில் பக்கத்தில் அமைதியாக இருக்கும். வெப்பமானிகளைச் சரிபார்க்க ஆய்வுக்கூடங்களில் இப்படிப்பட்ட குடுவைகளையே பயன்படுத்துகிறார்கள். "பார்த்தீர்களா, மூன்றும் ஒரே நேரத்தில்!" என்று மேடையில் சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் குடுவைக்குள் பாருங்கள். கீழே கிடக்கும் பனிக்கட்டியில் இருக்கும் மூலக்கூறுகள் வேறு, மேலே ஆவியில் இருக்கும் மூலக்கூறுகள் வேறு. இரண்டுக்கும் பொதுவானது நீர் என்ற வகை மட்டுமே. பனிக்கட்டி, குடுவையில் உள்ள நீரில் ஒரு பகுதி. ஆவி இன்னொரு பகுதி. இப்போது மூன்று தனித்தனிப் பங்குகள் கிடைத்துவிட்டன, ஒருமை போய்விட்டது. அதாவது அதே நீர் என்று சொன்னால் ஒரே நேரத்தில் மூன்றாக இருக்க முடியவில்லை. ஒரே நேரத்தில் மூன்று என்று சொன்னால் அதே நீராக இருக்க முடியவில்லை. ஒரு பள்ளத்திலிருந்து ஏறி எதிர்ப் பள்ளத்தில் விழுகிறோம்.

தண்ணீர் உவமை எதற்குப் பயன்படும் என்றால், ஒரே சொல்லால் குறிக்கப்படும் பொருள் மூன்று நிலையில் இருக்கலாம், அதில் முரண்பாடு இல்லை என்று பிள்ளைகளுக்கு முதல் வாசலைத் திறக்க. அதற்கு மேல் ஒரு அடியும் அதை நடத்தக் கூடாது.

## "நான் வீட்டில் அப்பா, வேலையில் மேலாளர், அம்மாவுக்கு மகன்"

அடுத்து அதிகம் சொல்லப்படுவது இது. இது உடைகிற உவமை என்றுகூடச் சொல்ல முடியாது. தவறான போதனையை அப்படியே எடுத்துச் சொல்கிறது. அப்பாவும் மேலாளரும் மகனும் ஒரே ஆள். நான்காம் வாக்கியம் முதல் அடியிலேயே விழுந்துவிடுகிறது. அந்த அப்பா தனக்குள்ளிருக்கும் மகனோடு பேசுவதில்லை, அவனை எங்கும் அனுப்புவதில்லை, அவன் மேல் அன்புகூருவதில்லை.

டர்பனில் இதைச் சொல்வது கூடுதல் ஆபத்து. இயேசு நாமச் சபையைச் சேர்ந்தவர் தன் நம்பிக்கையை விளக்க எடுப்பதே இந்த உவமையைத்தான். திரித்துவத்தை நம்பும் ஆசிரியர் பத்து வருடம் இதையே சொல்லிக் கொடுத்திருந்தால், பிள்ளை அந்தச் சபைக்குப் போய் உட்காரும்போது அங்கே புதிதாக எதுவும் கேட்காது. தான் படித்ததையே இவர்கள் ஒழுங்காகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைக்கும்.

அவர்கள் பக்க நியாயத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். "கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற உபாகமம் 6:4-ஐ அவர்கள் விட்டுக்கொடுக்காமல் பிடிக்கிறார்கள், அதில் தவறில்லை. அப்போஸ்தலர் 2:38-ல் பேதுரு இயேசு கிறிஸ்துவின் நாமத்தினால் ஞானஸ்நானம் என்றுதான் சொன்னார், அதுவும் உண்மை. யோர்தான் காட்சியைக் காட்டினால், "எங்கும் நிறைந்த தேவன் ஒரே நேரத்தில் மூன்று விதமாக வெளிப்பட முடியாதா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, யோர்தான் காட்சி மட்டும் அதற்குப் போதாது. அதனால் யோவான் 17-க்குப் போக வேண்டும். அங்கே இயேசு, உலகம் உண்டாவதற்கு முன் பிதாவிடத்தில் தமக்கிருந்த மகிமையைப் பற்றிப் பேசுகிறார். 24-ஆம் வசனத்தில் உலகத்தோற்றத்துக்கு முன்பே பிதா தம்மேல் அன்பாயிருந்ததாகச் சொல்கிறார். அது மனித சுபாவத்தின் ஜெபம் என்று விளக்கம் சொன்னால், உலகத்துக்கு முன் அந்த மனித சுபாவம் இல்லையே. அன்புகூர இருவர் வேண்டும். நான்காம் வாக்கியத்தின் வேர் இங்கே இருக்கிறது.

## சீக்கிரம் கடந்துவிட வேண்டிய மூன்று

முட்டையில் ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு. ஓட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "இது முட்டை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் மூன்று வாக்கியமும் போச்சு. மூன்று பிரிவுள்ள வில்வ இலையும் அதே கதைதான். ஒரு பிரிவு முழு இலை ஆகாது.

1 × 1 × 1 = 1 என்று தீதாத் கேள்விக்குப் பதிலாகச் சொல்வார்கள். இது கேட்கச் சாமர்த்தியமாக இருக்கும், ஆனால் எதையும் நிரூபிக்காது. இன்னொரு ஒன்றைப் பெருக்கினாலும் ஒன்றுதான் வரும். அப்படியானால் நான்கு பேர் என்று ஏன் சொல்லக் கூடாது? நேர்மையாகக் கேட்கிறவருக்கு இந்தப் பதிலைக் கொடுக்காதீர்கள்.

## சூரியனும் விளக்கும்: பழைய உவமை, நல்ல உவமை

மேலே சொன்னவையெல்லாம் "மூன்று எப்படி ஒன்று?" என்ற கேள்விக்குப் பதில் தேடியவை. பழைய ஆசிரியர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: ஒருவரிடமிருந்து ஒருவர் வந்தால், வந்தவர் பிந்தினவரா, குறைந்தவரா? நிசேயாவில் உண்மையாகவே நடந்த சண்டை இதுதான்.

சூரியனிலிருந்து கதிர் வருகிறது. கதிர் இல்லாமல் சூரியன் என்றாவது எரிந்ததுண்டா? இல்லை. சூரியன் எப்போதிலிருந்து இருக்கிறதோ அப்போதிலிருந்து கதிரும் இருக்கிறது. ஆக "பிறப்பிக்கப்பட்டவர்" என்றால் "ஒரு காலத்தில் இல்லாதிருந்தவர்" என்று ஆகாது. ஆரியுஸின் வாதத்தை நேராகத் தொடும் பதில் இது. எபிரெயர் 1:3 குமாரனை பிதாவின் "மகிமையின் பிரகாசம்" என்று சொல்வதும் இதே திசைதான். நிசேயா விசுவாசப் பிரமாணம் அவரை ஒளியினின்று ஒளி என்று அறிக்கையிடுகிறது.

கார்த்திகை அன்று டர்பன் வீடுகளில் அகல் ஏற்றுவதைப் பாருங்கள். முதல் அகலின் சுடரிலிருந்து இரண்டாவது அகலின் திரியை நீட்டிப் பற்ற வைக்கிறார்கள். முதல் சுடர் ஒரு துளியும் குறையவில்லை. இரண்டாவது சுடர் அரைச் சுடர் அல்ல, முழுச் சுடர். கொடுத்தவரிடம் குறையவில்லை, பெற்றவரிடம் குறைவில்லை. பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள உறவில் இந்த ஒன்றைக் காட்ட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் இரண்டும் உடைகின்றன, அதுவும் எதிரெதிர்ப் பக்கமாக.

அகல் விளக்கில், ஏற்றி முடித்த பின் இரண்டு சுடர் இருக்கின்றன. முதல் அகலை ஊதி அணைத்தாலும் இரண்டாவது எரியும். ஏழாம் வாக்கியம் போகிறது. சுவையான விஷயம், ஆரியுஸே தன் ஆயருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கிலிருந்து விளக்கு என்ற ஒப்புமையைத் தவறான போதனை என்று பெயர் சொல்லித் தள்ளுகிறார். அவர் கண்டுபிடித்த ஓட்டை உண்மையான ஓட்டைதான். அவர் அதிலிருந்து எடுத்த முடிவே தவறு.

சூரியனில் அந்தப் பிரச்சினை இல்லை. சூரியனை அணைத்தால் கதிரும் போய்விடும். ஆனால் கதிர் சூரியன் அல்ல, சூரியனிலிருந்து வெளிப்படுவது. நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகிறது. வெப்பமோ அதன் விளைவு. கதிரைப் பார்த்து "இது முழுச் சூரியன்" என்று சொல்ல முடியாது. இரண்டாம், மூன்றாம் வாக்கியங்கள் இங்கே பலவீனமாகின்றன. அதோடு கதிருக்கு "நான்" என்று சொல்லத் தெரியாது. குமாரன் பிதாவைப் பார்த்து "நீர்" என்கிறார். கதிர் சூரியனைப் பார்த்து எதுவும் சொல்லாது.

இந்த உவமை ஒரு நல்ல ஆசிரியரையே எப்படிச் சறுக்க வைத்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியான், பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்ற பிரக்ஸேயாஸின் போதனையை மறுக்க சூரியன்–கதிர், ஊற்று–ஆறு, வேர்–செடி என்று மூன்று உவமைகளை அடுக்கினார். மறுப்பு நன்றாகவே அமைந்தது. ஆனால் அதே நூலில் சற்றுத் தள்ளி, பிதா முழுப் பொருள், குமாரனோ அந்த முழுமையிலிருந்து வந்த ஒரு பங்கு என்று எழுதிவிட்டார். ஆற்றைப் பார்த்தவருக்கு ஊற்றின் ஒரு பங்கு என்றுதான் தோன்றும். நூறு வருடம் கழித்து நிசேயாவில் சபை அந்த வாசலை மூடியது: குமாரன் பிதாவோடு ஒரே பொருளானவர், பங்கு அல்ல.

## மூன்று மனிதர்: கிரகோரி தானே உடைத்துக் காட்டியது

நிசா நகரத்து ஆயர் கிரகோரியிடம் அப்லாபியுஸ் என்பவர் ஒரு கடினமான கேள்வி கேட்டார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனித இயல்பு ஒன்றே. ஆனாலும் மூன்று மனிதர் என்கிறோம். பிதா, குமாரன், ஆவி மூவருக்கும் தெய்வ இயல்பு ஒன்றே என்றால், மூன்று தேவர் என்று ஏன் சொல்லக் கூடாது?

இங்கே சூரியனில் இல்லாதது கிடைக்கிறது: ஒவ்வொருவரும் முழு மனிதர், ஒவ்வொருவரும் "நான்" என்கிறார். ஏழாம் வாக்கியம்தான் போய்விடுகிறது. கிரகோரியின் பதில், மனிதர் எப்படிச் செயல்படுகிறார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறது. மூன்று விவசாயிகள் ஒரே தொழிலைச் செய்தாலும் அவரவர் தனித்தனியாக உழுகிறார்கள். ஒருவர் உழும்போது மற்றவர் தூங்கலாம். தேவனில் அப்படி இல்லை. ஒவ்வொரு செயலும் பிதாவிடமிருந்து தொடங்கி, குமாரன் மூலமாக நடந்து, ஆவியில் நிறைவேறுகிறது. மூன்று செயல் அல்ல, ஒரே செயல்.

இதுவும் முழுத் தீர்வு அல்ல. ஒரே செயல் என்பதால் செயல்படுகிறவர் ஒரே தேவனாகிவிடுவாரா என்று இறையியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் கிரகோரியின் பதில் ஒரு நல்ல கருவியைத் தருகிறது. சித்தப்பாவின் கேள்விக்கு அதுதான் பதில்.

## மும்மூர்த்தியோடு ஏன் ஒப்பிட முடியாது

மும்மூர்த்தியில் தொழில் பிரிந்திருக்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், ஆளுக்கு ஒன்று. திரித்துவத்தில் தொழில் பிரிவு இல்லை. "பிதா படைக்கிறார், குமாரன் மீட்கிறார், ஆவி பரிசுத்தமாக்குகிறார்" என்று பாட்டில் பாடுவது தவறல்ல. ஆனால் அது யார் முன்னே தெரிகிறார் என்பதைச் சொல்கிறதே தவிர, யார் இல்லை என்பதைச் சொல்லவில்லை. "சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று" என்று யோவான் முதல் அதிகாரம் குமாரனைப் பற்றிச் சொல்கிறது.

அதோடு இந்த ஒப்பீடு சித்தப்பாவின் சமயத்துக்கும் நியாயம் செய்யாது. சைவ சித்தாந்தத்தில் சிவபெருமான் மூவரில் ஒருவராக நின்றுவிடுவதில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலும் அவருடையதே. அதைப் படித்தவரிடம் மும்மூர்த்தி–திரித்துவம் என்று சமன்படுத்திப் பேசினால், அவரே திருத்துவார். இரண்டையும் தனித்தனியாக ஒழுங்காகச் சொல்வதே மரியாதை.

## "ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்றுதானே?"

எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று சொல்ல வேண்டும். "எத்தனை?" என்ற கேள்வி தனியாக நிற்காது. எத்தனை தேவன்? ஒன்று. எத்தனை ஆள்? மூன்று. ஒரே வகையை எண்ணி ஒரு தடவை மூன்றும் ஒரு தடவை ஒன்றும் சொன்னால்தான் அது முரண்பாடு. சபை அப்படிச் சொல்லவில்லை.

இந்தப் பதிலின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். முரண்பாடு இல்லை என்பதை மட்டும் இது காட்டுகிறது. ஒரே தேவனில் மூன்று ஆள் எப்படி இருக்க முடியும் என்பதை இது விளக்கவில்லை. நாம் அறிந்த உலகத்தில் ஒரு "என்ன"வுக்கு ஒரு "யார்"தான். அதனால்தான் எந்த உவமையும் முழுதாகப் பொருந்துவதில்லை.

தீதாத் சுட்டிக்காட்டிய இன்னொரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 5:7-ல் இருக்கும் வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. எராஸ்முஸ் தன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. 1522 பதிப்பில்தான் சேர்த்தார். புதிய மொழிபெயர்ப்புகள் பல அதை நீக்கிவிட்டன. இதைக் கேட்டுப் பதறத் தேவையில்லை. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க ஆயர்கள் இந்தப் போதனையை வாதித்து முடித்தது இந்த வரி இல்லாத வேதாகமத்தை வைத்துத்தான். பிள்ளைகளுக்கு இந்த வசனத்தை ஆதாரமாகக் கொடுக்காதீர்கள். மத்தேயு 28:19-ஐயும் யோவான் 1, 17 அதிகாரங்களையும் கொடுங்கள்.

## ஜெபத்தில் இது எங்கே தெரிகிறது

உவமையின் தவறு வகுப்பறையோடு நிற்பதில்லை, ஜெபத்துக்குள் வருகிறது. மூன்று வேடம் என்று கற்ற பிள்ளைக்கு, கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்பது புரியாத நாடகமாகிவிடும். பங்கு என்று கற்ற பிள்ளை, இயேசுவிடம் ஜெபிப்பது சிறிய அதிகாரியிடம் மனு கொடுப்பது என்று நினைக்கும். ஸ்தேவான் சாகும்போது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்று கூப்பிட்டதை அந்தப் பிள்ளையால் விளக்க முடியாது.

இதே சிக்கல் 370-களில் செசரியாவின் ஆயர் பசிலியுவின் சபையில் வெடித்தது. அவர் ஆராதனையில் இரண்டு விதமாகத் துதி சொன்னார்: சில நேரம் "குமாரன் மூலமாக, ஆவியில் பிதாவுக்கு மகிமை" என்று, சில நேரம் "குமாரனோடும் ஆவியோடும்கூட பிதாவுக்கு மகிமை" என்று. இரண்டாவதைக் கேட்ட சிலர் கோபப்பட்டார்கள். "மூலமாக" என்றால் குமாரன் கருவி. கருவியை உரிமையாளரோடு சமமாக வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. பசிலியு அதற்குப் பதிலாகப் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் அவர் இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொண்டார். நமக்கு வரும் நன்மையைப் பார்த்து நன்றி சொல்லும்போது "மூலமாக" என்கிறோம், குமாரனுடைய மேன்மையைப் பார்த்துத் துதிக்கும்போது "கூட" என்கிறோம் என்றார். மூன்று பேரின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், பெற்ற விதமாகவே விசுவாசிக்கவும், விசுவாசிக்கும் விதமாகவே துதிக்கவும் வேண்டும் என்பது அவர் வாதம்.